புள்ளி தரும் பொருள்

நுழையும்முன்

ஓர் எழுத்தின்மேல் இடப்படும் புள்ளி சொல்லின் பொருளை மாற்றும். ஓர் எண்ணின் இடையில் இடப்படும் புள்ளி அதன் மதிப்பைப் பத்து மடங்காகவோ நூறு மடங்காகவோ மாற்றும். அறிவியலாளர்கள் ஆய்வகத்தில் கையால் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் படியெடுப்போர், மங்கிய புள்ளிகளுக்கும் மயங்கிய எண்களுக்கும் இடையில் உண்மையை எவ்வாறு கண்டறிகின்றனர்? எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனின் குறிப்பேடுகளை முன்வைத்து இப்பாடம் அதனை விளக்குகிறது.

சொல்லுக்குத் துணை உண்டு

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று, மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படாமை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பதால், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியைத் தவிர்த்தனர். ‘கல எறிநதான’ என்று ஏட்டில் இருந்தால், படிப்பவர் அதனைக் ‘கல் எறிந்தான்’ என்று உணர்ந்துகொள்வார். தமிழில் ‘எறிநதான’ என்றொரு சொல் இல்லை; ‘நத’ என்னும் எழுத்துகள் அவ்விடத்தில் அவ்வாறு நிற்பதும் இல்லை. சொல்லும் தொடரும் இலக்கணமும் கூடி நின்று, விடுபட்ட புள்ளியை மீட்டுத் தருகின்றன. செய்யுளாயின் யாப்பும் துணைக்கு வரும்.

எண்ணுக்கு இத்தகைய துணை இல்லை. 13.61 என்பதும் ஓர் எண், 136.1 என்பதும் ஓர் எண், 18.61 என்பதும் ஓர் எண். இவற்றுள் எதுவும் ‘பிழையான சொல்’ போலக் கண்ணை உறுத்துவதில்லை. சொற்றொடரைப் படியெடுக்கையில் நேரும் பிழை பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். எண்ணைப் படியெடுக்கையில் நேரும் பிழையோ சரியான எண்ணைப் போலவே அமைதியாக அமர்ந்திருக்கும். ஆய்வகக் குறிப்பேட்டைப் படியெடுத்தல் தனியொரு கலையாக வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

மில்லிகனின் குறிப்பேடுகள்

அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் மில்லிகன், சிகாகோ பல்கலைக்கழகத்தில் எண்ணெய்த்துளி ஆய்வை நிகழ்த்தினார். கிடைமட்டமாக வைக்கப்பட்ட இரண்டு உலோகத் தட்டுகளுக்கு இடையே நுண்ணிய எண்ணெய்த்துளி ஒன்று புவியீர்ப்பால் மெல்ல இறங்கும். தட்டுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், மின்னூட்டம் பெற்ற அத்துளி மேலே ஏறும். தொலைநோக்கி வழியே பார்த்து, குறிப்பிட்ட தொலைவைக் கடக்கத் துளி எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் மீண்டும் மீண்டும் அளந்தார். இறங்கும் நேரத்திலிருந்து துளியின் அளவையும், ஏறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அதன் மின்னூட்டத்தையும் அறிய முடிந்தது.

1913ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்கு அடிப்படையான அளவீடுகள் இரண்டு குறிப்பேடுகளில் உள்ளன. 1911 அக்டோபர் முதல் 1912 ஏப்ரல் வரை எழுதப்பட்ட அவை, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நேரம், மின்னழுத்தம், வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவை நிரல் நிரலாக எழுதப்பட்டு, அவற்றின் அருகிலேயே கணக்குகளும் போடப்பட்டுள்ளன. சில பக்கங்களின் ஓரத்தில், அளவீடு அழகாக அமைந்தது என்றும் வெளியிடத் தக்கது என்றும் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளும் உண்டு.

இக்குறிப்பேடுகள் வெறும் நினைவுப்பொருள்கள் அல்ல. 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகள் இடம்பெற்றன. அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல என்றும், தொடர்ந்து 60 நாள்கள் ஆய்வுசெய்த துளிகள் அனைத்தும் அவையே என்றும் மில்லிகன் அதில் கூறியிருந்தார். குறிப்பேடுகளிலோ நூற்றுக்கும் மேற்பட்ட துளிகளின் பதிவுகள் இருந்தன. அறிவியல் வரலாற்றறிஞர் ஜெரால்டு ஹோல்டன் 1978இல் இதனை வெளிக்கொணர்ந்தபின், மில்லிகன் நேர்மையாக நடந்துகொண்டாரா என்னும் வினா எழுந்தது. விடுபட்டவற்றுள் பல முற்றுப்பெறாத அளவீடுகள் என்றும், அவற்றைச் சேர்த்தாலும் முடிவு பெரிதும் மாறாது என்றும் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒருவரின் நேர்மையைப் பற்றிய இவ்விவாதம் முழுவதும், குறிப்பேட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைச் சரியாகப் படிப்பதைச் சார்ந்தே நின்றது. படியெடுப்பவர் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால், நல்ல அளவீடு தீயதாகவும் தீய அளவீடு நல்லதாகவும் தோன்றிவிடும்.

எழுதியவரின் கையை அறிதல்

படியெடுப்பவரின் முதற்பணி, எழுதியவரின் கையெழுத்தில் எண்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிவது. விரைந்து எழுதும் கையில் 1உம் 7உம் மயங்கும். 3உம் 8உம் மயங்கும். 4உம் 9உம் மயங்கும். 0உம் 6உம் மயங்கும். எனினும் ஒருவர் மயங்க எழுதும் எண்களை மற்றொருவர் தெளிவாக எழுதுவார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 7இன் நடுவே குறுக்குக்கோடு இடுவர்; அங்கு 1இன் தலைப்பகுதி நீண்டு, நம் கண்ணுக்கு 7 போலவே தோன்றும்.

ஆதலால், ஐயத்திற்கு இடமில்லாத எண்களை முதலில் தேடவேண்டும். நாள், மாதம், ஆண்டு, பக்க எண் ஆகியவை அத்தகையவை. அடுத்தடுத்த பக்கங்களின் எண்கள் 37, 38, 39 என்று வருமாயின், அக்கையெழுத்தில் 7, 8, 9 ஆகியவற்றின் வடிவம் உறுதியாகிறது. இவ்வாறு உறுதிப்பட்ட வடிவங்களை ஒரு தாளில் வரைந்துவைத்து, ஐயமான இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பர். அத்தாளை ஒரே பக்கத்தைக் கொண்டு முடித்துவிடுதல் கூடாது. நெடுநேரம் துளியைப் பார்த்துக்கொண்டே எழுதியவரின் கையும், மறுநாள் அமைதியாகக் கணக்கிட்டு எழுதியவரின் கையும் ஒருவருடையவையே ஆயினும் ஒரேமாதிரி இருப்பதில்லை.

இருவர் தனித்தனியே படியெடுத்து, பின்னர் இரண்டு படிகளையும் ஒப்பிடுவது நெடுநாள் வழக்கம். கவனக்குறைவால் நேரும் பிழைகள் இதனால் பெரும்பாலும் அகப்படும். ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. மை படர்ந்து 8 போல் தோன்றும் 3ஐ இருவருமே 8 என்று படிக்கக்கூடும். இருவரும் ஒத்துப்போவதால் மட்டும் ஓர் எண் சரியானதாகிவிடாது.

புள்ளியைக் காணுதல்

எண்களின் வடிவத்தைவிடப் புள்ளி பெருந்தொல்லை தரும். அது மிகச் சிறியது. பேனா தாளில் பதியாமல் தாவினால் புள்ளி விழாது. மை தெறித்தால் வேண்டாத இடத்தில் புள்ளி விழும். தாளின் நாரில் உள்ள கறையும், மறுபக்கத்து மை ஊடுருவித் தெரிவதும் புள்ளியைப் போலவே தோன்றும்.

அவற்றைப் பிரித்தறிய வழிகள் உண்டு. மறுபக்கத்திலிருந்து ஊடுருவிய புள்ளியாயின், தாளைத் திருப்பி நேர் பின்புறத்தில் பார்த்தால் அங்கே ஓர் எழுத்தோ கோடோ இருக்கும். பேனா முனையால் வைத்த புள்ளியாயின், தாளில் சிறு பள்ளம் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அப்பள்ளத்தின் நிழல் தெரியும். கறைக்கு அத்தகைய பள்ளம் இராது. மின்படியை மட்டும் பார்த்துப் படியெடுப்பவர், அது வண்ணப்படியா என்பதைக் கவனிக்கவேண்டும். கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறங்களாக மாற்றப்பட்ட படியில் மங்கிய புள்ளிகள் அடியோடு மறைந்துபோவதுண்டு. பழுப்புக் கறைகள் கறும்புள்ளிகளாக மாறுவதும் உண்டு.

புள்ளி இருக்கிறது என்று உறுதியானாலும் அதன் பொருள் இடத்துக்கு இடம் மாறும். பிரான்சு, செருமனி முதலிய நாடுகளில் தசமப் புள்ளிக்கு மாற்றாகக் காற்புள்ளி இடுவர். அந்நாட்டுக் குறிப்பேட்டில் 1,024 என்றிருந்தால் அது ஒன்றைச் சற்றே கடந்த எண். ஆயிரத்து இருபத்துநான்கு அன்று. பழைய பிரித்தானியக் குறிப்பேடுகளில் தசமப் புள்ளியை வரியின் நடுவுயரத்தில் இடுவதுண்டு. அதனைப் பெருக்கற்குறி என்று மயங்குவோர் உளர். பலர் புள்ளிக்கு முன் சுழியத்தை எழுதாமல் .07348 என்றே எழுதினர். இவ்வழக்கில் புள்ளி மங்கினால், எண்ணின் தொடக்கம் எது என்பதே தெரியாமல் போகும்.

கணக்கே இலக்கணம்

எண்ணுக்குச் சொல்லைப் போன்ற துணை இல்லை என்று முன்னர்க் கூறப்பட்டது. ஆயினும் ஆய்வகக் குறிப்பேட்டில் எண்கள் தனித்து நிற்பதில்லை. அளந்த எண்களிலிருந்து சராசரி பிறக்கிறது. சராசரியிலிருந்து அதன் தலைகீழ் எண் பிறக்கிறது. அதிலிருந்து திசைவேகம் பிறக்கிறது. ஒன்றோடொன்று கொண்ட இவ்வுறவே எண்களுக்கு இலக்கணமாகிறது. படியெடுப்பவர் இவ்வுறவைத் தலைகீழாக நடந்து சென்று, ஐயமான எண்ணைச் சோதிக்கலாம்.

எண்ணெய்த்துளி ஆய்வின் அமைப்பை ஒட்டி, விளக்கத்திற்காக எளிமையாக்கப்பட்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். துளி 1.02 சென்டிமீட்டர் இறங்க எடுத்துக்கொண்ட நேரம் நான்கு முறை வினாடிகளில் எழுதப்பட்டுள்ளது: 13.62, 13.58, 18.60, 13.64. மூன்றாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் 8 போலத் தெரிகிறது. ஆனால் மை சற்றே படர்ந்துள்ளது. கீழே சராசரி 13.61 என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது.

மூன்றாம் எண் 18.60 ஆயின், நான்கின் கூட்டுத்தொகை 59.44, சராசரி 14.86. அது 13.60 ஆயின், கூட்டுத்தொகை 54.44, சராசரி 13.61. குறிப்பேட்டில் உள்ள சராசரியோடு இரண்டாவதே பொருந்துகிறது. எனவே அவ்விலக்கம் 3 என்று துணியலாம். மற்ற மூன்றும் 13இல் தொடங்குகின்றன என்பது மட்டும் இத்துணிவுக்குப் போதாது. உண்மையிலேயே ஒரு முறை துளி மெதுவாக இறங்கியிருக்கலாம். கைவிடப்பட்ட அளவீடாகவும் அது இருக்கலாம். ‘மற்றவை போலவே இதுவும் இருக்கும்’ என்று கருதிப் படிப்பது, ஆய்வில் தோன்றிய வியப்பை அழித்துவிடும். எழுதியவரே அவ்வெண்ணைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார் என்பதே சான்று.

அடுத்த வரியில் அந்நேரத்தின் தலைகீழ் எண் உள்ளது. அது .07348 ஆகவும் இருக்கலாம். தொடக்கத்தில் உள்ள சுழியம் வெறும் மைத்தீற்றலாயின்.7348 ஆகவும் இருக்கலாம். ஓர் எண்ணையும் அதன் தலைகீழ் எண்ணையும் பெருக்கினால் 1 வரவேண்டும். 13.61ஐ .7348ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10 வருகிறது; .07348ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1 வருகிறது. ஆகவே சுழியம் உண்மையானது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. 13.60 என்பதன் ஈற்றில் உள்ள சுழியத்தைப் படியெடுப்பவர் விட்டுவிடக்கூடாது. கணக்கில் 13.6உம் 13.60உம் சமம், அளவீட்டிலோ அவை சமம் அல்ல. 13.60 என்று எழுதியவர், வினாடியின் நூறில் ஒரு பங்குவரை தம் கடிகாரத்தைப் படித்தார் என்பதை அச்சுழியமே தெரிவிக்கிறது. எண்களைக் கணினியின் அட்டவணைச் செயலியில் உள்ளிடும்போது அது ஈற்றுச் சுழியத்தைத் தானாகவே நீக்கிவிடும். ஆதலால் அனுபவம் உடையோர், படியெடுத்த எண்களை முதலில் எழுத்துவடிவமாகவே உள்ளிட்டு, கணக்கிடுவதற்கென மற்றொரு நிரலை வைத்துக்கொள்வர்.

அலகு என்னும் மறைபொருள்

மேற்கண்ட துளியின் திசைவேகத்தைக் காண, 1.02ஐ 13.61ஆல் வகுக்கவேண்டும். விடை வினாடிக்கு .07494 சென்டிமீட்டர். குறிப்பேட்டில் திசைவேகம் .7494 என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். புள்ளி இடம் மாறிவிட்டது என்று உடனே முடிவுசெய்துவிடலாமா? கூடாது. எழுதியவர் தொலைவை 10.2 மில்லிமீட்டர் என்று கொண்டு கணக்கிட்டிருந்தால், வினாடிக்கு .7494 மில்லிமீட்டர் என்பதே சரியான விடை. புள்ளி பிறழ்வதும் அலகு மாறுவதும் எண்ணில் ஒரே விளைவைத் தருகின்றன. கணக்கு மட்டும் இவற்றைப் பிரித்தறியாது. நிரலின் தலைப்பிலோ, குறிப்பேட்டின் முதற்பக்கங்களிலோ, கருவியைப் பற்றிய விவரத்திலோ அலகைத் தேடியாகவேண்டும்.

பெரும்பாலான குறிப்பேடுகளில் அலகு நிரலின் தலையில் ஒருமுறை மட்டும் எழுதப்பட்டிருக்கும். சில சமயம் எழுதப்படாமலே இருக்கும். எழுதியவர் அதனை அறிவார். தமக்கு நினைவூட்டத் தேவையில்லை. பிறர் பல ஆண்டுகள் கழித்துப் படிப்பார்கள் என்று அவர் கருதியிருக்கமாட்டார்.

பத்து மடங்குப் பிழை கண்ணுக்குத் தப்பாது என்று எண்ணலாம். அஃது எப்போதும் உண்மையன்று. சென்டிமீட்டர், கிராம், வினாடி ஆகிய அலகுகளில் வினாடிக்கு .07494 என்னும் திசைவேகத்திலிருந்து துளியின் ஆரத்தைக் கணக்கிட்டால், ஏறத்தாழ .00026 சென்டிமீட்டர் வரும். திசைவேகம் பத்து மடங்காகப் படிக்கப்பட்டால் ஆரம் ஏறத்தாழ .00083 சென்டிமீட்டர் ஆகும். ஆரத்தைக் காணும் வாய்பாட்டில் வர்க்கமூலம் இருப்பதால், பத்து மடங்குப் பிழை மூன்று மடங்குக்குச் சற்றே மிகுந்த பிழையாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டுமே நுண்துளிக்குரிய ஆரங்களாகத் தோன்றும். படிப்பவர் ஐயுறாமல் கடந்துவிடுவார். பிழை பெருகினால் வெளிப்படும்; சுருங்கினால் ஒளிந்துகொள்ளும்.

மிகச் சிறிய அளவுகளைக் குறிக்கும் அலகுகளில் இடர் இன்னும் மிகுதி. மில்லி என்பதைக் குறிக்கும் m என்னும் எழுத்தும், மைக்ரோ என்பதைக் குறிக்கும் μ என்னும் எழுத்தும் விரைந்த கையெழுத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ ஆயிரம் மடங்கு. μ எழுத்தின் இடப்பக்கக் கால் வரிக்குக் கீழே இறங்குகிறதா என்பதே படியெடுப்பவர் பார்க்கவேண்டிய அடையாளம். ஐயம் தீராவிடில், நிறுத்த தராசினால் அத்துணைச் சிறிய எடையை அளக்க இயலுமா என்று கேட்கவேண்டும். மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்குவரை மட்டுமே காட்டும் தராசில் 5 மைக்ரோகிராம் நிறுத்திருக்க முடியாது.

> தெரிந்து தெளிவோம்
>
> பழைய குறிப்பேடுகளில் இன்று வழக்கில் இல்லாத அலகுக் குறியீடுகள் காணப்படும். μ என்று தனித்து எழுதினால் அது மைக்ரான்; அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. mμ என்பது மில்லிமைக்ரான்; இன்று அதனை நானோமீட்டர் என்கிறோம். γ என்பது மைக்ரோகிராமையும், λ என்பது மைக்ரோலிட்டரையும் குறித்தன. மைக்ரான் என்னும் பெயரும் அதன் தனிக்குறியீடும் 1967ஆம் ஆண்டு பன்னாட்டு அலகு முறையிலிருந்து நீக்கப்பட்டன.

திருத்தாமையும் ஓர் அறம்

கணக்கு இலக்கணமாகும் என்பதால், குறிப்பேட்டில் உள்ள கணக்குப்பிழைகளையெல்லாம் திருத்திவிடலாம் என்று கருதலாகாது. படியெடுப்பவரின் கடமை, எழுதியவர் எதை எழுதினார் என்பதைக் காட்டுவது. எழுதியவர் எதை எழுதியிருக்கவேண்டும் என்பது அதனின் வேறான வினா.

மேற்கூறிய பக்கத்தில் துளி மேலேறும் நேரங்கள் இவ்வாறு உள்ளன என்று கொள்வோம்: 7.18, 7.21, 7.15, 7.22. நான்கும் தெளிவாக உள்ளன. கூட்டுத்தொகை 28.76, சராசரி 7.19. ஆனால் குறிப்பேட்டில் சராசரி 7.91 என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டுள்ளது. இது படிப்பவரின் பிழையன்று. எழுதியவரின் கை தடுமாறி இலக்கங்களை இடமாற்றிவிட்டது.

இப்போது அடுத்த வரியைப் பார்க்கவேண்டும். அங்குள்ள தலைகீழ் எண் .1391 ஆயின், அவர் 7.19ஐக் கொண்டே கணக்கிட்டுள்ளார், எழுதும்போது மட்டும் தவறினார், முடிவுக்குக் கேடில்லை. அது .1264 ஆயின், 7.91 என்னும் பிழை எண்ணே கணக்கினுள் புகுந்து, வெளியான முடிவுவரை சென்றிருக்கக்கூடும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. படியெடுப்பவர் 7.91ஐ ஓசையின்றி 7.19 என்று மாற்றிவிட்டால், பின்வருவோர் இந்த வேறுபாட்டை ஒருபோதும் அறியமாட்டார்.

ஆகவே, எழுதப்பட்டதை எழுதப்பட்டவாறே தந்து, திருத்தத்தைத் தனியே தருவதே முறை. மின்பதிப்புகளில் பரவலாகப் பயன்படும் டி.இ.ஐ. குறியீட்டு முறையில் இதனைப் பின்வருமாறு பதிவர்:

```
<choice><sic>7.91</sic><corr>7.19</corr></choice>
```

முதலில் இருப்பது மூலத்தில் உள்ளது. அடுத்திருப்பது பதிப்பாசிரியரின் திருத்தம். அச்சுப் பதிப்பில் இதற்கு மாற்றாக, எண்ணுக்கருகே ‘மூலத்தில் உள்ளவாறு’ என்று பகர அடைப்பில் குறித்து, காரணத்தை அடிக்குறிப்பில் தருவர். அடித்து எழுதப்பட்ட எண்ணும் இவ்வாறே காக்கப்படவேண்டும். எழுதியவர் எதை முதலில் எழுதி, பின்னர் ஏன் மாற்றினார் என்பதற்கு அக்கோட்டின் கீழுள்ள எண்ணைத் தவிர வேறு சான்று இருப்பதில்லை. படிக்க இயலாத இலக்கத்தை ஊகித்து நிரப்புவதும் தகாது. 13.6 என்பதன்பின் ஓர் இலக்கம் படிக்க இயலவில்லை எனின், ‘13.6, அடுத்து ஓர் இலக்கம் தெளிவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. நிரப்பப்பட்ட ஊகம், அடுத்த படியில் உண்மையாகிவிடும்.

ஓர் எண் சொல்லும் வரலாறு

திருத்தாமையின் பயனை மில்லிகனின் ஆய்வே மெய்ப்பிக்கிறது. 1913இல் அவர் வெளியிட்ட எலக்ட்ரானின் மின்னூட்டம், அக்கால நிலைமின் அலகில் 4.774 × 10⁻¹⁰. இன்று ஏற்கப்படும் மதிப்பு அதே அலகில் 4.803 × 10⁻¹⁰. மில்லிகனின் மதிப்பு ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைவு. இக்குறைவு துளிகளை அளந்ததில் நேர்ந்ததன்று. துளி காற்றில் இறங்கும்போது அதனைத் தடுப்பது காற்றின் பாகுநிலை. 23 பாகை செல்சியசில் அதன் மதிப்பு .0001824 என்று மில்லிகன் கொண்டார். உண்மையான மதிப்பு அதனைவிட ஏறத்தாழ அரை விழுக்காடு மிகுதி. பாகுநிலையில் நேர்ந்த அச்சிறு குறை, மின்னூட்டத்தில் ஒன்றரைப் படியாக ஏறி நின்றது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு வேறொரு வழியில் பெற்ற மதிப்பு இதனோடு ஒத்துப்போகாமையைக் கண்ட ஆய்வாளர்கள், 1930களில் காற்றின் பாகுநிலையை மீண்டும் அளந்து காரணத்தைக் கண்டறிந்தனர்.

மில்லிகனின் கணக்குகளைப் படியெடுக்கும் ஒருவர், .0001824 என்னும் எண்ணைக் கண்டு, அதன் ஈற்றயல் இலக்கம் இன்றைய மதிப்போடு பொருந்தவில்லை என்று கருதி, மங்கிய 2ஐ 3 என்று ‘சரியாகப்’ படித்துவிட்டார் என்று கொள்வோம். அவர் பாடநூலோடு ஒத்துப்போகும் எண்ணைத் தந்திருப்பார். ஆனால் 4.774 என்னும் முடிவு எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய படியைக் கொண்டு எவராலும் விளக்க இயலாது. உள்ளிட்ட எண்கள் சரி, கணக்கும் சரி, முடிவு மட்டும் பிழை என்னும் புதிர் எஞ்சும். இருபது ஆண்டுகள் இயற்பியலாளர்களை மயக்கிய பிழையின் ஊற்று, ஒரே ஒரு இலக்கத்தில் மறைந்துபோகும்.

ஓலைச்சுவடியில் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காத்துவைத்த பதிப்பாசிரியர், தாம் தேர்ந்த பாடம் தவறாயின் பின்வருவோர் மற்றதைத் தேரட்டும் என்று வழிவிட்டுச் சென்றார். ஆய்வகக் குறிப்பேட்டைப் படியெடுப்பவரும் அவ்வழியே நடக்கிறார். கண் கண்டதை முதலில் எழுதுகிறார். கணக்கால் அதனைச் சோதிக்கிறார். அலகைத் தேடி உறுதிசெய்கிறார். ஐயத்தை ஐயமாகவே பதிவுசெய்கிறார். எழுதியவரின் பிழை எழுதியவருக்கே உரியதாக நிற்கிறது. படியெடுத்தவரின் பிழை அதனோடு கலப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. ஒரு குறிப்பேட்டில் நான்கு நேர அளவீடுகள் உள்ளன: 22.14, 22.1?, 22.08, 22.18. இரண்டாம் எண்ணின் ஈற்றிலக்கம் 2 போலவும் 7 போலவும் தோன்றுகிறது. சராசரி 22.13 என்று தெளிவாக உள்ளது. அவ்விலக்கம் எது? உங்கள் முடிவுக்கான காரணத்தை எழுதுக.

2. அடுத்த வரியில் உள்ள தலைகீழ் எண் .4519 ஆகவோ .04519 ஆகவோ இருக்கலாம். எதனைத் தேர்வீர்? சோதித்துக் காட்டுக.

3. உங்கள் இயற்பியல் செய்முறைக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மற்றொரு மாணவரிடம் கொடுத்துப் படியெடுக்கச் செய்க. அவர் மயங்கிய இலக்கங்கள், விடுபட்ட அலகுகள், மங்கிய புள்ளிகள் ஆகியவற்றைப் பட்டியலிடுக.

4. ‘எழுதியவரின் பிழையைத் திருத்தாமல் காப்பதும் பதிப்பாசிரியரின் கடமையே.’ சுவடிப் பதிப்பையும் ஆய்வகக் குறிப்பேட்டையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.